நறுக்கியபின் வந்த பழுப்பா, முன்பே இருந்த அழுகலா? கத்தரிக்காய், ஆப்பிள் படங்களைப் படிப்பது எப்படி

நறுக்கிய கத்தரிக்காயோ ஆப்பிளோ பழுப்பாகத் தெரியும் படத்தைக் காட்டி, இது கெட்டுவிட்டதா, சாப்பிடலாமா என்று ஒருவர் கேட்டால், நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவருக்குப் பதில் சொல்ல முடியாது. வெவ்வேறான இரண்டு நிகழ்வுகள் ஏறத்தாழ ஒரே பழுப்பு நிறத்தைத் தருகின்றன. ஒன்று, கத்தி பட்ட இடத்தில் காயின் சொந்தப் பொருள்கள் காற்றோடு சேர்ந்து நிறம் மாறுவது. அதனால் உடலுக்குத் தீங்கில்லை. மற்றொன்று, பூஞ்சையோ பாக்டீரியாவோ சதைக்குள் வளர்ந்து அதைச் சிதைப்பது, அதுதான் அழுகல். ஆகவே படத்தைப் பார்ப்பவர் எவ்வளவு பழுப்பு என்று அளப்பதைவிட, இந்தப் பழுப்பு கத்திக்குப் பின் வந்ததா, கத்திக்கு முன்பே உள்ளே இருந்ததா என்று கேட்பதே சரியான தொடக்கம். இந்தக் கேள்விக்கு விடை தரும் தடயங்கள் பெரும்பாலும் நிறத்தில் இருப்பதில்லை. பழுப்பின் வடிவத்திலும், ஆழத்திலும், விளிம்பிலும், அது தோன்றிய நேரத்திலும் இருக்கின்றன.

கத்தி பட்டதும் நடப்பது

முழுதாக இருக்கும் ஆப்பிளின் சதையில் பழுப்பு நிறத்துக்குத் தேவையான பொருள்கள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் அவை தனித்தனி அறைகளில் அடைபட்டிருக்கின்றன. ஒவ்வொரு செல்லிலும் நுண்குமிழி எனப்படும் பெரிய நீர்ப்பைக்குள் ஃபீனால் வகைச் சேர்மங்கள் கரைந்திருக்கின்றன. கத்தரிக்காயின் சதையிலும் ஆப்பிளின் சதையிலும் அவற்றுள் முதன்மையானது குளோரோஜெனிக் அமிலம். அதே செல்லில் கணிகம் என்னும் வேறொரு நுண்ணுறுப்புக்குள் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி இருக்கிறது. இந்த நொதியின் மையத்தில் செப்பு அணுக்கள் அமைந்துள்ளன. அவை இல்லாமல் நொதி வேலை செய்யாது. சவ்வுகள் கிழியாதவரை நொதியும் ஃபீனாலும் சந்திப்பதில்லை.

கத்தி செல்களைப் பிளக்கும்போது இந்தத் தடுப்புகள் உடைகின்றன. நொதி, ஃபீனால், காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தவுடன் ஃபீனால்கள் குயினோன்களாக மாறுகின்றன. குயினோன்கள் நிலையற்றவை, அவை ஒன்றோடொன்றும் அருகிலுள்ள அமினோ அமிலங்களோடும் புரதங்களோடும் பிணைந்து, மெலனின் வகையைச் சேர்ந்த பழுப்பு நிறமிகளாகத் திரள்கின்றன. இதையே நொதிவழிப் பழுப்பேறல் என்கிறோம். இதில் எந்த நுண்ணுயிரும் பங்கு கொள்வதில்லை; முற்றிலும் கிருமியற்ற சூழலில் நறுக்கினாலும் சதை பழுப்பேறும். குளோரோஜெனிக் அமிலமும் வைட்டமின் சியும் சிறிது குறையும், சுவையில் லேசான மாற்றம் தெரியும். உண்பவருக்கு அதனால் கேடு எதுவும் இல்லை.

இந்த விளக்கத்திலிருந்து படம் பார்ப்பவருக்கு மிகவும் பயன்படும் ஒரு முடிவு கிடைக்கிறது. கூரான கத்தி ஓரிரு அடுக்குச் செல்களை மட்டுமே உடைக்கிறது. ஆக்சிஜனும் வெட்டுமுகத்தின் வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஆகவே இந்தப் பழுப்பு ஒரு மெல்லிய படலமாகவே இருக்கும். நறுக்கி அரை மணி நேரம் ஆன ஆப்பிள் துண்டின் மேற்பரப்பிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் சீவி எடுத்தால், அடியில் வெள்ளைச் சதை அப்படியே இருக்கும். கத்தரிக்காயின் சதை காற்றிடைவெளிகள் நிறைந்த பஞ்சு போன்றது என்பதால், அதில் பழுப்பு விரைவாகத் தோன்றுகிறது, சற்று ஆழமாகவும் இறங்குகிறது. ஆனாலும் ஒரு சீவலுக்கு அப்பால் அது தொடர்வதில்லை. மழுங்கிய கத்தியால் நசுக்கி நறுக்கினால் உடையும் செல்கள் அதிகம் என்பதால், அதே காயில் பழுப்பு இன்னும் அடர்த்தியாகத் தெரியும்.

சமையலறையில் நாம் செய்யும் சில செயல்கள் இந்த விளக்கம் சரி என்பதைக் காட்டுகின்றன. நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போடும்போது ஆக்சிஜன் சென்று சேர்வது குறைகிறது. எலுமிச்சைச் சாறு தடவும்போது அதன் அமிலத்தன்மை நொதியை மந்தமாக்குகிறது. அதிலுள்ள வைட்டமின் சி, உருவாகும் குயினோன்களை மீண்டும் பழைய ஃபீனால்களாக மாற்றிவிடுகிறது. அந்த வைட்டமின் செலவாகித் தீர்ந்ததும் பழுப்பேறல் மறுபடியும் தொடங்கிவிடும் என்பதால் எலுமிச்சை ஒத்திப்போடுகிறதே தவிர, நிரந்தரமாக நிறுத்துவதில்லை. கொதிநீரில் சற்று நேரம் போட்டெடுத்தால் நொதியே செயலிழந்துவிடும். சூடு உள்வரை சென்றிருந்தால், அதன்பின் நறுக்கினாலும் சதை நிறம் மாறாது. குளிர்பதனப் பெட்டி வேகத்தைக் குறைக்கும், ஆனால் நிறுத்தாது.

மரபணுத் தொழில்நுட்பத்தின் மூலம் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் உற்பத்தி அடக்கப்பட்ட 'ஆர்க்டிக்' ஆப்பிள்களுக்கு 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் அனுமதி கிடைத்தது. அந்த ஆப்பிள்களை நறுக்கி வைத்தால் பழுப்பேறுவதில்லை. ஆனால் பூஞ்சை தாக்கினால் அவையும் மற்ற ஆப்பிள்களைப் போலவே அழுகும். நறுக்கியபின் வரும் நிறமாற்றமும் அழுகலும் வெவ்வேறு வழிகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அழுகல் உள்ளே செல்லும் விதம்

அழுகலுக்கு ஒரு வாசல் வேண்டும். தோலில் விழுந்த கீறல், பூச்சி துளைத்த துளை, காம்பு இருக்கும் குழி, ஆப்பிளின் அடிப்பக்கத்தில் பூவின் எச்சம் ஒட்டியிருக்கும் பள்ளம் ஆகியவை வழக்கமான வாசல்கள். அங்கே முளைக்கும் பூஞ்சை, செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருளைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கிறது. பெக்டின் கரைந்ததும் செல்கள் பிரிந்து, அவற்றின் நீர் கசிந்து, சதை தொளதொளத்துப்போகிறது. பூஞ்சை அங்கிருந்து எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. ஆகவே அழுகல் ஒரு படலமாக இல்லாமல், நீளமும் அகலமும் ஆழமும் உடைய ஒரு திரளாக உருவாகிறது.

அழுகலின் பழுப்பிலும் ஒரு பகுதி முன்சொன்ன அதே வினையால் வருவதுதான். பூஞ்சை கொன்ற செல்களிலும் சவ்வுகள் உடைகின்றன. அங்கேயும் நொதியும் ஃபீனாலும் சேர்கின்றன. நிறத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாமல்போவதற்கு இது ஒரு காரணம். வெளிர்பழுப்பு என்றால் பாதுகாப்பானது, கரும்பழுப்பு என்றால் அழுகல் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் ஆப்பிளில் மிகப் பரவலாகக் காணப்படும் நீலப்பூஞ்சை அழுகல், தொடக்கத்தில் வெளிர்பழுப்பாகவே, சில வேளை வைக்கோல் நிறத்திலேயே இருக்கும். மறுபக்கம், முற்றிலும் நல்ல கத்தரிக்காய்த் துண்டு ஒரு மணி நேரத்தில் காபிப்பொடி நிறத்துக்குப் போய்விடலாம்.

நீலப்பூஞ்சை அழுகலைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது நல்லது. பெனிசிலியம் எக்ஸ்பான்சம் என்பது இதை உண்டாக்கும் பூஞ்சை. அழுகிய சதை நீர் கோத்து மென்மையாக இருக்கும். அதற்கும் நல்ல சதைக்கும் இடையே கோடு போட்டதுபோல் எல்லை தெரியும். ஒரு கரண்டியால் தோண்டினால் அழுகிய பகுதி முழுவதும் நல்ல சதையிலிருந்து கழன்று வந்துவிடும். கிண்ணம் போன்ற ஒரு பள்ளம் மிஞ்சும். நாள்கள் செல்லும்போது தோலின் மேல் முதலில் வெண்மையாகவும் பிறகு நீலப்பச்சையாகவும் பொடிபோன்ற முடிச்சுகள் தோன்றும். அந்த நிலையில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சிக்கல் எல்லாம் முடிச்சுகள் தோன்றுவதற்கு முந்தைய நாள்களில்தான்.

கத்தரிக்காயில் ஃபோமாப்சிஸ் என்னும் பூஞ்சையால் வரும் காயழுகல் வேறு தோற்றம் தரும். தோலில் வெளிறிய, உள்வாங்கிய வட்டப் புள்ளி முதலில் தோன்றி விரிகிறது. அதன் மேல் நுண்ணிய கரும்புள்ளிகள் வளையம் வளையமாக அமைகின்றன. அந்தப் புள்ளியின் நேர் அடியில் சதை பழுப்பாகி நைந்திருக்கும். இப்படியொரு காயில், நறுக்கிய முகத்தைமட்டும் படமெடுத்தால் பாதிச் சான்று காணாமல்போய்விடும். தோலையும் சேர்த்துப் பார்த்தால் ஐயத்துக்கே இடமில்லை.

படத்தில் எதைத் தேடுவது

முதலில் பழுப்பு எதைப் பின்தொடர்கிறது என்று பாருங்கள். நறுக்கியபின் வரும் பழுப்பு கத்தியைப் பின்தொடர்கிறது: வெட்டுமுகம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஏறத்தாழ ஒரே சீராகப் பரவியிருக்கும். ஆப்பிளில் விதையறையைச் சுற்றியும், கத்தரிக்காயில் விதைகள் நெருங்கியிருக்கும் பகுதியிலும் சற்று அழுத்தமாகத் தெரியலாம். ஆனால் திடீரென்று தொடங்கித் திடீரென்று முடியும் ஒரு திட்டு இருக்காது. ஒரு துண்டு சீராகப் பழுப்பேறியிருந்தால், அதே நேரத்தில் நறுக்கிய மற்றத் துண்டுகளும் அப்படித்தான் இருக்கும். அழுகலோ கத்தியைப் பொருட்படுத்துவதில்லை. அது தன் வாசலிலிருந்து வளர்ந்த வடிவத்தில் இருக்கும். கத்தி அதன் குறுக்கே சென்றிருப்பதால் வெட்டுமுகத்தில் அரைவட்டமாகவோ, தோலில் அகன்று உள்ளே குறுகும் ஆப்பு வடிவமாகவோ தெரியும். ஒரு பக்கத்தில் அது தோலையோ காம்பையோ விதையறையையோ தொட்டுக்கொண்டிருக்கும். பத்துத் துண்டுகளில் இரண்டில் மட்டும் பழுப்பு, அந்த இரண்டும் காயில் அடுத்தடுத்து இருந்தவை என்றால், அதைக் கத்தியின் விளைவாகக் கொள்ள முடியாது.

அடுத்தது மேற்பரப்பு. நொதிவழிப் பழுப்பேறிய சதை தன் அமைப்பை இழப்பதில்லை. கத்தியின் கோடுகள், கத்தரிக்காயின் பஞ்சுத்தன்மை, விதைகளின் விளிம்பு எல்லாம் கூர்மையாகத் தெரியும். அழுகிய இடத்தில் அந்த நுணுக்கங்கள் மழுங்கி, சதை ஊறிய தாள் போல ஒளியைச் சற்றே உள்ளே விடும். சில இடங்களில் தாழ்ந்திருக்கும், சில இடங்களில் நீர் கசிந்து பளபளக்கும். இழை போன்ற வெண்மையோ சாம்பல் நிறப் பொடியோ ஓரிடத்தில் தெரிந்தாலும் முடிவு உறுதியாகிவிடுகிறது.

கத்தரிக்காயில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சொத்தைக் காயில் புழு குடைந்த பாதை, பழுப்பு விளிம்புடைய ஒரு குழாயாகச் சதைக்குள் வளைந்து செல்லும்; அதற்குள் ஈரமான துகள்களாகப் புழுவின் கழிவு அடைந்திருக்கும். கத்தி அந்தக் குழாயைக் குறுக்கே வெட்டியிருந்தால் படத்தில் ஒரு பழுப்புப் புள்ளியாக மட்டுமே தெரியும்; அடுத்த துண்டில் அந்தப் புள்ளி சற்று நகர்ந்திருக்கும். அதை நிறமாற்றம் என்று கருதி விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் புழு போன வழியே பூஞ்சையும் பாக்டீரியாவும் பின்னால் வருகின்றன.

துருப்பிடிக்கும் வகை இரும்புக் கத்தியால் நறுக்கியிருந்தால், வெட்டுமுகத்தில் நீலம் கலந்த சாம்பல் அல்லது கருப்புக் கோடுகள் தெரியலாம். இரும்பு ஃபீனால்களோடு சேர்ந்து உண்டாக்கும் நிறம் இது. பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும், கத்தி இழுக்கப்பட்ட திசையிலேயே கோடுகள் ஓடுவதால் அடையாளம் காண்பது எளிது. அழுகலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

படமே ஏமாற்றும் இடங்கள்

மேலே சொன்னவை நேரில் பார்க்கும்போது எளிதாகத் தெரியும். படத்தில் அவ்வளவு எளிதல்ல. மஞ்சள் நிற மின்விளக்கின் கீழ் எடுத்த படத்தில் வெள்ளைச் சதைகூடப் பழுப்பாகத் தெரியும். கைபேசிக் கேமரா, தட்டின் நிறத்தையும் பின்னணியையும் பார்த்து நிறச்சமநிலையைத் தானே மாற்றிக்கொள்கிறது. ஃபிளாஷ் போட்டால், நறுக்கிய எந்தச் சதையிலும் இயல்பாக இருக்கும் ஈரம் பளபளத்து, கசிவு போலத் தோன்றும். நேர் எதிரிலிருந்து வரும் அந்த ஒளி, உள்வாங்கிய பள்ளங்களைச் சமதளமாகவும் காட்டிவிடும். படத்தைச் சுருக்கி அனுப்பும்போது நுண்ணிய இழைகளும் பொடியும் மறைந்து, நல்ல சதையும் நைந்த சதையும் ஒரேபோல வழுவழுப்பாகிவிடும்.

இவற்றைச் சரிசெய்யப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. துண்டை ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், சன்னலோரப் பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுத்தால் போதும். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் சதையின் நிறத்தையும் நம்பலாம்; தாளே மஞ்சளாகத் தெரிந்தால், சதையில் தெரியும் மஞ்சளை அந்த அளவுக்குக் கழித்துப் பார்க்கலாம். பக்கவாட்டு ஒளியில் பள்ளங்களுக்கு நிழல் விழும் என்பதால், தாழ்ந்த இடம் எது என்பதும் தெரிந்துவிடும்.

ஆனால் எவ்வளவு நல்ல படமானாலும் ஒற்றைப் படம் நேரத்தைக் காட்டாது என்பதுதான் முக்கியமான குறை. பழுப்பு முன்பே இருந்ததா, பின்னால் வந்ததா என்னும் நம் கேள்வி நேரத்தைப் பற்றியது. ஆகவே ஒன்றுக்குப் பதில் மூன்று படங்கள் வேண்டும்: வெட்டிய உடனே ஒன்று, கால் மணி நேரம் கழித்து அதே வெட்டுமுகம், பிறகு மேலே மூன்று மில்லிமீட்டர் அளவுக்குச் சீவியபின் மறுபடியும் ஒன்று. ஏற்கெனவே நறுக்கி நேரமாகிவிட்டது என்றால் முதல் படத்துக்கு வழியில்லை. அப்போதும் மூன்றாவது படம் தனியாகவே பெரும்பாலான ஐயங்களைத் தீர்த்துவிடும்.

ஓர் ஆப்பிளை முழுதாகப் படித்துப் பார்ப்போம்

காம்பிலிருந்து அடிவரை நெடுக்காக இரண்டாகப் பிளந்த ஓர் ஆப்பிளின் படம் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வெட்டுமுகம் முழுவதும் வெளிர்பழுப்பாக இருக்கிறது. வலப்பக்கத்தில் தோலை ஒட்டி, பெருவிரல் நகத்தின் அளவில், சற்று அடர்ந்த ஒரு திட்டும் இருக்கிறது. நறுக்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது.

முழு முகத்திலும் பரவிய பழுப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அது கத்தியைப் பின்தொடர்கிறது. திட்டைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அது ஓர் எல்லை உடையது, தோலைத் தொட்டிருக்கிறது. இப்போது அந்த ஆப்பிளின் வெளிப்புறத்தைக் காட்டும் படம் ஒன்றும், வெட்டுமுகத்தைச் சீவியபின் எடுத்த படம் ஒன்றும் வேண்டும். சீவிய படத்தில் மற்ற இடமெல்லாம் வெள்ளையாகிவிட, திட்டு மட்டும் அதே அளவில் மிஞ்சியிருக்கிறது. ஆக, அது படலமல்ல, ஆழமுடைய திரள். கத்திக்கு முன்பே அங்கே இருந்தது. அதனாலேயே அது அழுகல் என்று முடிவு கட்டிவிடலாமா? இல்லை, இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள்.

கீழே விழுந்தோ மற்றப் பழங்களோடு இடிபட்டோ கன்றிய ஆப்பிளிலும் இதே போன்ற திட்டு இருக்கும். இடிபட்ட வேகத்தில் தோல் கிழியாமலே உள்ளே செல்கள் உடைகின்றன. ஆப்பிளின் கனஅளவில் ஏறத்தாழக் கால்பங்கு காற்று என்பதால், வெட்டாமலேயே அங்கே ஆக்சிஜன் கிடைத்துவிடுகிறது. எனவே கன்றலின் பழுப்பும் நொதிவழிப் பழுப்பேறல்தான். கத்தி செய்யும் வேலையை அங்கே அடி செய்திருக்கிறது, அவ்வளவே. கன்றலையும் அழுகலையும் பிரிப்பதற்கு வெளிப்புறப் படம் உதவுகிறது. திட்டின் நேர் மேலே தோல் கிழியாமல், லேசாகத் தட்டையாகவோ குழிந்தோ இருந்தால் கன்றல் என்று கருதலாம். அங்கே கீறலோ துளையோ இருந்தால், அல்லது தோலே நிறம் மாறிச் சுருங்கியிருந்தால், அழுகலின் பக்கம் சாய வேண்டும். கன்றிய சதை பெரும்பாலும் உலர்ந்து, மாவு போலவோ தக்கை போலவோ இருக்கும். சுற்றியுள்ள சதையிலிருந்து கழன்று வராது. அழுகிய சதை கரண்டிக்குக் கழன்று வரும்.

இந்த ஆப்பிளில் தோல் முழுதாக இருக்கிறது, திட்டு உலர்ந்திருக்கிறது, கரண்டியின் நுனியால் அழுத்தினால் நீர் கசியவில்லை என்று பழத்தை வைத்திருப்பவர் சொன்னால், அது கன்றல். அந்த இடத்தை மட்டும் அரிந்துவிட்டு மிச்சத்தை உண்ணலாம். நீர் கசிகிறது, மண்வாடை அல்லது புளித்த வாடை வருகிறது என்றால் முடிவு மாறிவிடும். படத்தில் வாடை வராது, கை அழுத்தம் தெரியாது. ஆகவே இந்த இரண்டையும் பழத்தை வைத்திருப்பவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்காமல், படத்தை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்லும் பதிலை நான் நம்பமாட்டேன்.

கத்தரிக்காயிலும் இப்படி நடுவில் நிற்கும் நிலைகள் உண்டு. முற்றிய காயில் விதைகள் பழுப்பாகிக் கடினமாகியிருக்கும். சுற்றியுள்ள சதை வெள்ளையாகவும் உறுதியாகவும் இருந்தால் அது முற்றலின் அடையாளம்தான், கசப்பு இருக்குமே தவிர கேடில்லை. ஏறத்தாழ 10 டிகிரி செல்சியசுக்குக் கீழான குளிரில் பல நாள் வைத்த காயில், தோலில் சிறு குழிகளும் மங்கிய வெண்கல நிறத் திட்டுகளும் தோன்றி, உள்ளே விதைகளும் சதையும் பழுப்பாகிவிடும். இது குளிர்ச் சேதம். வெட்டிய உடனேயே பழுப்பு தெரிவதால், முதல் படத்தை மட்டும் பார்ப்பவர் அழுகல் என்றே நினைப்பார். சதை இன்னும் உறுதியாக இருந்து, கசிவோ வாடையோ இல்லாவிட்டால் அந்தக் காயைச் சமைக்கலாம்; ஆனால் குளிரில் சேதமான காயில் பூஞ்சை எளிதில் பற்றும் என்பதால் அதை மேலும் வைத்திருக்கக் கூடாது.

தீங்கற்ற பழுப்பு சொல்லாத செய்தி

நொதிவழிப் பழுப்பேறலால் கேடில்லை என்பது அந்தப் பழுப்பைப் பற்றிய கூற்று. அந்தத் துண்டைப் பற்றிய கூற்று அல்ல. அறை வெப்பத்தில் பல மணி நேரம் திறந்து கிடந்த துண்டில், கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா பெருகியிருக்கலாம். பழுப்பு அதைக் காட்டவும் காட்டாது, மறைக்கவும் மறைக்காது. நறுக்கிய பழத்தை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்காமல் குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்லும் விதி இதனால்தான். இதன் மறுபக்கமும் உண்மை: எலுமிச்சை தடவிய துண்டு நேற்று நறுக்கியதாக இருந்தாலும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். எனவே வெள்ளையாக இருப்பதைப் புதுமைக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

ஆப்பிளில் இருப்பது அழுகல் என்று தெரிந்துவிட்டால், அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை உண்பது நல்ல வழக்கம் அல்ல என்பது என் கருத்து. பெனிசிலியம் எக்ஸ்பான்சம் பூஞ்சை பாட்டுலின் என்னும் நச்சுப்பொருளை உண்டாக்குகிறது. அது அழுகிய பகுதியோடு நின்றுவிடாமல், அதை ஒட்டி நல்லதுபோல் தெரியும் சதையிலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தொலைவுக்குப் பரவியிருக்கலாம். சாதாரணமாகச் சூடாக்குவதால் முற்றிலும் அழிவதும் இல்லை. ஆப்பிள் சாற்றில் ஒரு கிலோகிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் பாட்டுலின் இருக்கக் கூடாது என்று பன்னாட்டு உணவுத் தர விதிகள் வரம்பு வைத்திருப்பதும், சாறு பிழிபவர்கள் அழுகிய பழங்களை முன்கூட்டியே பொறுக்கி நீக்குவதும் இந்த நச்சுப்பொருளுக்காகத்தான்.

கடைசியாக, வெட்டுமுகம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும் ஆப்பிளிலும் ஓரிடத்தைப் பார்க்காமல் விடக் கூடாது. சில ஆப்பிள்களில் அடிப்பக்கப் பள்ளத்திலிருந்து விதையறை வரை ஒரு நுண்ணிய திறப்பு இருக்கும். அதன் வழியே பூஞ்சை உள்ளே சென்று, வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் விதையறைச் சுவரில் சாம்பல் நிறப் பஞ்சாக வளர்ந்திருக்கும். பக்கவாட்டில் சீவிய துண்டுகளின் படத்தில் இது தெரியவே தெரியாது. ஐயம் இருந்தால் ஆப்பிளைக் குறுக்கே, விதையறை நடுவில் திறக்கும்படி வெட்டி, ஐந்து அறைகளும் தெரியுமாறு நெருக்கத்தில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.